எந்தப் புத்தகத்துக்கு முன் எந்தப் புத்தகம்?

பரிணாமத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் ஒருவர், ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வகைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கணக்கிடும் இனக்கூட்ட மரபியல் நூல் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில பக்கங்களுக்குள் இப்படி ஒரு வாக்கியம் எதிர்ப்படும்: ஓர் ஒடுங்கு பண்பு நூறு பேரில் ஒருவரிடம் வெளிப்படுகிறது, ஆகவே அதை வெளிக்காட்டாமல் சுமப்பவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். வாக்கியத்தில் கடினமான சொல் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் புதிதாகப் படிக்க வந்தவர் இங்கே நின்றுவிடுவார். ஒன்று எப்படிப் பதினெட்டு ஆனது?

அந்த நூல் சொல்லாமல் விட்டது இதுதான். ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமானால் இரண்டுமே அதே வகையாக இருக்க வேண்டும். துணைகள் இந்தப் பண்பைப் பார்க்காமல் தற்செயலாகச் சேர்வதாகக் கொண்டால், அந்த வகைப் பிரதி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்போது இரண்டும் ஒருவரிடமே வந்து சேரும் வாய்ப்பு பத்தில் ஒன்று பெருக்கல் பத்தில் ஒன்று, அதாவது நூறில் ஒன்று. மீதிப் பிரதிகள் பத்தில் ஒன்பது. ஒரு வகையில் ஒன்று, மறு வகையில் ஒன்று எனப் பெறுவதற்கு இரண்டு வழிகள்: தாய் வழியாக இது, தந்தை வழியாக அது, அல்லது நேர்மாறாக. ஒவ்வொரு வழிக்கும் நூறில் ஒன்பது. கூட்டினால் பதினெட்டு. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க்கும் 1908இல் தனித்தனியே எழுதிய விதி இதுதான்.

இந்த விளக்கத்தில் மூன்று சரக்குகள் இருக்கின்றன: இரண்டு பிரதிகள், ஒடுங்குதல், வாய்ப்புகளைப் பெருக்குதல். மூன்றும் ஏற்கெனவே பழக்கமானவருக்கு அந்த வாக்கியம் ஒரே மூச்சில் புரியும். பழக்கமில்லாதவர் மூன்றையும் ஒரே சமயத்தில் மனதில் பிடித்துக்கொண்டு, அவற்றின் மேல் வாக்கியத்தையும் ஏற்ற வேண்டும். நாம் யோசிக்கும்போது கையில் வைத்திருக்கும் தற்காலிக நினைவில் நான்கு உருப்படிகள் அளவுக்குத்தான் இடம் உண்டு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். நன்றாகப் பழகிய விஷயம் எவ்வளவு பெரிதானாலும் ஓர் உருப்படியாகச் சுருங்கிவிடும். ஒரு புத்தகம் அடுத்ததற்கு நிலத்தைப் பண்படுத்துகிறது என்றால், அடுத்த புத்தகத்தின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களைப் பிடிக்கப்போகும் விஷயத்தை முன்கூட்டியே ஒன்றாகச் சுருக்கித் தருகிறது என்று பொருள்.

இதனால்தான் எளிதானதிலிருந்து கடினமானதுக்கு என்ற வழக்கமான அடுக்குமுறை போதாது. கடினம் என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல. ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறனில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாக நினைவில் கொண்டு சொன்னார்கள். ஆகவே ஒரு பட்டியலை அடுக்கும்போது, இந்த நூல் என்ன கற்றுத் தருகிறது என்பதைவிட, எதை எனக்கு முன்பே தெரியும் என்று நம்பி எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருளடக்கம் உதவாது, அது நூல் தருவதைத்தான் சொல்லும். முன்னுரையில் 'யாரும் படிக்கலாம்' என்றுதான் இருக்கும். நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கமில்லாமல் புழங்கும் கலைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசியிலுள்ள சொல்லடைவில் அந்தச் சொல் முதலில் வரும் பக்கத்தைப் பார்த்து அங்கே போங்கள். அங்கே விளக்கம் இருந்தால், அது நூல் தருவது. அங்கேயும் தெரிந்த சொல் போலவே கடந்து போயிருந்தால், அது நூல் எதிர்பார்ப்பது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பார்த்தாலே நூலாசிரியர் மனதில் வைத்திருந்த வாசகர் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, ஒரு பட்டியலை அடுக்கிப் பார்ப்போம். ஆறு நூல்கள்: மரபியல் அறிமுகம், செல்லையும் டிஎன்ஏவையும் பற்றிய அறிமுகம், நிகழ்தகவு அறிமுகம், மேலே சொன்ன இனக்கூட்ட மரபியல், பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவைக் கொண்டு மனித வரலாற்றைச் சொல்லும் நூல், அப்புறம் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்'.

ஒவ்வொரு நூலின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒரு நூல் எந்த நூலை எதிர்பார்க்கிறதோ, அந்த நூலிலிருந்து இதற்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். நிகழ்தகவிலிருந்தும் மரபியலிலிருந்தும் இனக்கூட்ட மரபியலுக்கு. இனக்கூட்ட மரபியலிலிருந்தும் செல் நூலிலிருந்தும் பழைய டிஎன்ஏ நூலுக்கு. இனி, எந்த அம்பும் உள்ளே வராத நூல் ஒன்றை எடுத்துப் படிக்கும் வரிசையில் வைத்துவிட்டு, அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழித்துவிடுங்கள். இப்போது வேறு ஏதோ ஒரு நூல் அம்பில்லாமல் நிற்கும், அதை எடுங்கள். கடைசி நூல் வரை இதே வேலைதான். ஒன்றையொன்று சார்ந்த நிரல்பகுதிகளை எந்த வரிசையில் தொகுப்பது என்று கணினிகள் முடிவுசெய்வதும் இப்படித்தான். ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட முறை இது.

தாளில் போட்டுப் பார்க்கும்போது சிக்கல் மரபியலுக்கும் செல் நூலுக்கும் இடையில் வரும். மரபியல் நூலின் பின்பாதி குரோமோசோம்கள் பிரிவதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும். செல் நூலோ மரபணு என்ற சொல்லை இரண்டாம் அத்தியாயத்திலேயே சாதாரணமாகப் புழங்கும். அம்புகள் ஒன்றையொன்று துரத்துகின்றன, இரண்டில் எதையும் முதலில் எடுக்க முடியாது. இப்படி ஒரு சுழல் வந்தால் நூலை உடைக்க வேண்டும் என்று பொருள். முழு நூல்தான் படிக்கும் அலகு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கே உடைப்பது என்பதற்கு அறிவியல் வரலாறே இங்கே துப்புத் தருகிறது. மெண்டல் 1866இல் தன் பட்டாணிக் கணக்கை வெளியிட்டபோது மரபணு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள குரோமோசோம் தேவைப்படவில்லை. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால் என்பது தெரிந்தால் போதும், அதை மரபியல் அறிமுக நூல்களே சொல்லிக்கொடுத்துவிடும். எனவே மரபியலில் மெண்டல் பகுதியை முதலில் படித்துவிட்டு, செல் நூலுக்குப் போய், திரும்பி வந்து மரபியலின் மீதியை முடிக்கலாம்.

டார்வின் நூல் வேறு மாதிரியான சிக்கல். அதற்குள் வரும் அம்பு ஒன்றுமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். கலைச்சொல் தெரியாதவரும் அதைப் படிக்கலாம், முதல் அத்தியாயம் வளர்ப்புப் புறாக்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் பாரம்பரியம் எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அதை அவரே அந்த நூலில் ஒப்புக்கொள்கிறார். மாறுபாட்டின் விதிகளைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில், ஓர் உறுப்பைப் பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாமல் விடுவதாலும் வரும் மாற்றம் சந்ததிக்குப் போகும் என்ற கருத்துக்கும் இடம் கொடுக்கிறார். மரபியல் தெரியாதவர் அதை இன்றைய அறிவியல் என்றே எடுத்துக்கொள்வார். படிக்கவே முடியாமல் போவது ஒரு வகைத் தடை. சரளமாகப் படித்துத் தவறாகப் புரிந்துகொள்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் மோசமானது, ஏனென்றால் எங்கேயும் தடுக்காது.

அதற்காக டார்வினைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளவும் எனக்கு மனமில்லை. முன்தயாரிப்பு என்பது சொற்களைத் தருவது மட்டுமல்ல, ஒரு கேள்வியைக் கிளப்பிவிடுவதும்தான். முதல் நான்கு அத்தியாயங்கள் மாறுபாடு, பிழைப்புக்கான போராட்டம், இயற்கைத் தேர்வு என்று வாதத்தின் முதுகெலும்பைத் தந்துவிடுகின்றன. அதை முடிக்கும்போது, இந்த மாறுபாடுகள் தலைமுறைதோறும் கலந்து கரைந்துபோகாமல் எப்படி நிலைக்கின்றன என்ற கேள்வி வாசகருக்கு வந்துவிடும், மெண்டல் அதற்குப் பதிலாக வந்து நிற்பார். எனவே நான்காம் அத்தியாயத்தோடு டார்வினை மூடிவிட்டு, மரபியல் முடிந்த பிறகு ஐந்திலிருந்து தொடர்வது என் பரிந்துரை.

மிச்சமிருப்பது நிகழ்தகவு. அம்புகளின் கணக்குப்படி அதை முதலிலேயே வைத்தாலும் தவறில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் படித்த நிகழ்தகவு, தேவைப்படும்போது பாதி மறந்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் சரியாக இருக்கும்போது, ஒரு நூலுக்கும் அதைப் பயன்படுத்தும் நூலுக்கும் இடைவெளி குறைவாக உள்ள வரிசையைத் தேர்வது நல்லது. அதனால் நிகழ்தகவு இனக்கூட்ட மரபியலுக்கு முந்தைய இடத்துக்கு வருகிறது, பழைய டிஎன்ஏ நூல் கடைசிக்கு. நியண்டர்தால் மனிதரின் டிஎன்ஏ ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் ஒன்றிரண்டு சதவீதம் இருக்கிறது என்று அது சொல்லும்போது, அந்தச் சதவீதம் எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்று வாசகரால் பின்தொடர முடியும்.

தயாரிப்பு அதிகமானாலும் கெடுதல்தான். மரபியலுக்கு மூன்று அறிமுக நூல்களை வரிசையாகப் படித்தால், மூன்றாவதில் மனம் தெரிந்ததையே மறுபடி சலித்துக்கொண்டிருக்கும். தொடக்கநிலையில் உதவும் விரிவான விளக்கம் தெரிந்தவருக்குச் சுமையாகிவிடுவதைக் கல்வி உளவியல் ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. அடுத்த நூலின் நடுப்பக்கத்தை மறுபடி திறந்து, நூறு சொற்களில் தெரியாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் மொழியில் கதை வாசிப்பவர்களை ஆராய்ந்த ஹூவும் நேஷனும் 2000இல், உதவியில்லாமல் புரிந்துகொள்ள நூறில் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். அறிவியல் நூலுக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனால் உத்தேச அளவாக வைத்துக்கொள்ளலாம். தெரியாதது இரண்டுக்குள் என்றால் இன்னொரு அறிமுக நூல் வேண்டாம், நேரே உள்ளே போகலாம்.

இவ்வளவுக்கும் பிறகும் ஓர் இடத்தில் தடுக்கினால், எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள். ஒரு பெயர்ச்சொல்லில் நின்றால், அந்தச் சொல்லைச் சொல்லித் தரும் அத்தியாயம் ஏதோ விடுபட்டிருக்கிறது, அதை மட்டும் தேடிப் படித்தால் போதும். எல்லாச் சொல்லும் தெரிந்தும் 'ஆகவே' என்ற இடத்தில் நின்றால் விடுபட்டது ஒரு கணக்கிடும் முறை. பதினெட்டுப் பேர் வாக்கியத்தில் பெரும்பாலானவர்கள் நிற்பது அந்த இடத்தில்தான். அவர்கள் திரும்பிப் போக வேண்டியது மரபியலுக்கு அல்ல, நிகழ்தகவு நூலில் வாய்ப்புகளைப் பெருக்கக் கற்றுத்தரும் அத்தியாயத்துக்கு.