தொகைமுகம்

நாவல் எழுதுபவர்களின் பேச்சில் ‘காம்போசிட் கேரக்டர்’ என்பது அடிக்கடி வரும். நிஜ மனிதர்கள் பலருடைய முகங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அவர்களில் எவரும் தெரியாதபடி ஒரு புது ஆளை உண்டாக்குவது. இதைத் தமிழில் ‘கலவைப் பாத்திரம்’ என்று சொல்லிப் பார்த்தால் எனக்கு இடறுகிறது. அந்தச் சொல் செய்கிற வேலையைத் தவறாகச் சொல்கிறது.

காம்போசிட் என்பதன் மூலம் ‘காம்போனெரே’ என்ற இலத்தீன் வினை. ‘சேர்த்து வை’ என்பதே அதன் பொருள், கரைப்பது அதில் இல்லை. முகங்களை உண்மையாகவே கலந்து பார்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். குற்றவாளிகள் பலருடைய படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, 1878-ல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று ஒரு முகம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் செய்தது. கிடைத்ததோ, படத்தில் இருந்தவர்களைவிட லட்சணமான, யாருமில்லாத ஒரு முகம். கோணலும் வடுவும் சராசரியில் கரைந்துவிட்டன. நாவலுக்கு அந்த முகம் உதவாது. அடையாளம் மறைந்தது சரி, ஆளும் கூடவே போய்விட்டார்.

நமக்கு வேண்டிய சொல் இலக்கணத்தில் இருக்கிறது: தொகை. ‘மதுரை சென்றான்’ என்கிறோம். மதுரைக்கு என்பதிலுள்ள ‘கு’ மறைந்து நிற்கிறது. இரண்டு சொற்களும் முழுசாக இருக்கின்றன, அவற்றை இணைத்தது மட்டும் தொக்கி நிற்கிறது. முகத்திலும் அப்படித்தான். உறுப்புகள் அப்படியே இருக்க வேண்டும், ஒட்டு தெரியக் கூடாது. அதனால் ‘தொகைமுகம்’ என்கிறேன்.

ஒட்டு எங்கே போடுவது என்பதற்கு 1987-ல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை நல்ல வழிகாட்டி. பிரபலமான ஒருவரின் மேல்பாதி முகத்தையும் இன்னொருவரின் கீழ்ப்பாதியையும் நேராகப் பொருத்திக் காட்டியபோது, மேல்பாதி யாருடையது என்று சொல்ல ஜனங்கள் திணறினார்கள். பாதிகளைச் சற்று விலக்கி வைத்தால் விரைவாகச் சொன்னார்கள். முகத்தை நாம் உறுப்பு உறுப்பாக அல்லாமல் முழுசாகப் பார்ப்பதே காரணம். ஆக, ஒரு முகத்தில் மூக்கை மட்டும் மாற்றுவதைவிட, பாதியையே மாற்றுவது அதிகம் மறைக்கும்.

செல்லூரில் வட்டிக்குக் கொடுக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நாவலில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் வட்டிக்குக் கொடுக்கும் எவரிடமிருந்தும் முகத்தை எடுக்கக் கூடாது. மேல்பாதியை உசிலம்பட்டிப் பக்கத்து நடத்துநர் ஒருவரிடமிருந்து எடுக்கலாம்: குறுகிய நெற்றி, ஏறக்குறைய ஒட்டிய புருவம், உள்வாங்கிய கண். ஆணின் கண்ணைப் பெண்ணுக்கு வைத்தால் தேடுபவர் அந்தப் பக்கமே போகமாட்டார். கீழ்ப்பாதி மேலூர்ச் சந்தையில் காய் விற்கும் அம்மாவுடையது: மெல்லிய மேலுதடு, கனத்த தாடை. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே ஆளுக்கு இருவரையும் தெரிந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு.

இப்போது முகம் இரண்டு துண்டாக நிற்கும். இரண்டையும் பாதிக்கும் ஒரு காரணத்தை நாமே புனைந்து கொடுக்க வேண்டும். இடதுபக்கக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன, பல வருடமாக வலதுபக்கமே மெல்லுகிறாள். இடக்கன்னம் ஒடுங்கிவிட்டது. எதையாவது கடிக்கும்போது வலக்கண் லேசாகச் சுருங்குகிறது. நடத்துநரின் கண்ணும் சந்தைக்காரரின் தாடையும் இப்போது ஒரே பெண்ணின் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டன. எனக்குத் தெரிந்து ஒட்டை மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. மச்சம், வடு, மூக்குத்தியின் வடிவம் போன்றவற்றை யாரிடமிருந்தும் எடுக்க வேண்டாம், புதிதாக வையுங்கள்.

அப்புறம் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பத்தியை நடத்துநரைத் தெரிந்த ஒருவரிடமும் மேலூர்க்காரரைத் தெரிந்த ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, “இது யாரு மாதிரி இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். இருவரும் நாம் முகம் எடுக்காத வேறு யாருடைய பெயரையாவது சொன்னாலோ, யோசித்துவிட்டுச் சொல்லாமல் விட்டாலோ நல்லது. இருவரில் ஒருவராவது தயங்காமல் தமக்குத் தெரிந்த அந்த ஆளையே சொன்னால், எந்த வரியில் தோன்றியது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது முகத்தைப் பற்றிய வரியாக இருக்காது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் காதோரம் செருகுவது, ‘அதுக்கில்ல தாயி’ என்று பேச்சைத் தொடங்குவது மாதிரி ஒன்றாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் அதே கண்ணும் தாடையும் மறுபடி யாருடையதும் இல்லாமல் ஆகிவிடும்.

தொகைமுகத்தால் ஆகாத இடமும் உண்டு. ஊரில் ஒரே ஒருத்தர் செய்யும் தொழிலைப் பாத்திரத்துக்குக் கொடுத்தால், எத்தனை முகங்களைத் தொகுத்தாலும் வாசகர் தொழிலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். அங்கே மாற்ற வேண்டியது தொழிலை, இல்லையென்றால் ஊரை.