அழிந்துபோன இரண்டு படங்களுக்கு ஆறு வித்தியாசம்

போன மாதம் அக்கா வாடகை வீட்டைக் காலி செய்தாள். மறுநாள் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்று, மூன்று வருஷத்துக்கு முன் அவள் குடிவருவதற்கு முந்தைய நாள் எடுத்த ஹால். மற்றது, சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு எடுத்த அதே ஹால். கூடவே ஒரு வரி: சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பெயிண்டிங் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன். அக்கா என்னிடம் காட்டினாள். இருவரும் ஒரு நிமிஷம் பார்த்திருப்போம். ராத்திரி திரும்ப எடுத்தால் இரண்டு இடத்திலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருக்கிறது.

“நீயும்தானே பார்த்த? அந்த ஓதம் முதல் படத்திலயே இருந்துச்சுல்ல?” என்றாள்.

எனக்கும் இருந்த மாதிரிதான் தோன்றியது. அந்தத் ‘தோன்றியது’தான் சிக்கல்.

வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் புதிர் போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதே அது லேசில்லை. ஒரு படத்தில் சின்னதாக ஒரு துண்டைப் பார்த்து, மனசில் பிடித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அதே இடத்துக்குக் கண்ணை நகர்த்தி, பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். முழுப் படத்தையும் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போக முடிவதில்லை. 1997-இல் ரென்சிங்க், ஓ'ரீகன், கிளார்க் என்ற மூவர் இதைச் சோதனையாகவே செய்தார்கள். ஒரு காட்சியின் படம் கால் வினாடிக்கும் குறைவாகத் திரையில் வரும். பிறகு கண் இமைக்கும் அளவுக்கு வெற்றுத் திரை. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்த அதே படம். இப்படி மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். வெற்றுத் திரை இல்லாவிட்டால் மாற்றம் ஒரு வினாடியில் கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் மாறும் இடம் துடிக்கும். நடுவில் அந்தச் சின்ன வெறுமையை வைத்துவிட்டால், காட்சியில் முக்கியமில்லாத பொருள் மாறியதைக் கண்டுபிடிக்கச் சராசரியாகப் பத்து வினாடிக்கு மேல் ஆனது. படம் அத்தனை நேரமும் கண்முன்னேதான் ஓடிக்கொண்டிருந்தது!

எங்களுக்கோ வெறுமை வினாடிக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். துடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது இரண்டு ஞாபகங்கள் மட்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ‘வித்தியாசம்’ என்று தனியாக ஒரு ஞாபகம் கிடையாது. ஒரே இடத்துக்கு முன்படத்தில் ஒரு ஞாபகம், பின்படத்தில் ஒரு ஞாபகம், இரண்டும் இருந்தால்தான் வித்தியாசம் என்று சொல்ல முடியும். ஒன்று இல்லாவிட்டால் மனசு அந்தக் காலி இடத்தைத் தானே நிரப்பிவிடும், நிரப்பியதைச் சொல்லவும் செய்யாது.

எதைக் கொண்டு நிரப்பும் என்பதற்கு ஓர் அறையிலேயே நடந்த சோதனை இருக்கிறது. 1981-இல் புரூவர், டிரெயன்ஸ் இருவரும் அமெரிக்காவில் மாணவர்களைச் சோதனைக்குக் கூப்பிட்டு, ‘கொஞ்சம் இங்கே இருங்கள்’ என்று ஓர் அலுவலக அறையில் 35 வினாடி உட்கார வைத்தார்கள். பிறகு வேறு அறைக்கு அழைத்துப்போய், முதல் அறையில் என்னென்ன இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். மேஜை, நாற்காலியை அநேகமாக எல்லோரும் எழுதினார்கள். அங்கே இருந்த மண்டை ஓட்டைப் பலர் விட்டுவிட்டார்கள். 30 பேரில் 9 பேர் புத்தகங்கள் இருந்ததாக எழுதினார்கள். அந்த அறையில் புத்தகமே வைக்கவில்லை. பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. படிப்பவர் அறை என்றால் புத்தகம் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, இதற்கு என்ன செய்யலாம்? ஞாபகத்தைக் கூட்ட வழியில்லை. ஆனால் காலி இடங்களை வெளியே கொண்டுவர வழி உண்டு. ஒரு வரிசையை முதலிலேயே முடிவு செய்து, அதை மாற்றாமல், இரண்டு படத்துக்கும் அதே வரிசையில் எழுதுவது.

வரிசை எதுவாக இருக்கலாம் என்றால், நடை மாதிரி இருப்பது வசதி. 1975-இல் லிண்டே, லபோவ் என்ற இரு மொழியியலாளர்கள் நியூயார்க் வாசிகளிடம் ‘உங்கள் வீடு எப்படி அமைந்திருக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். அநேகமாக அத்தனை பேரும் வரைபடம் மாதிரி மேலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. வாசலில் நுழைந்து ஒவ்வோர் அறையாக நடந்து போகிறாற்போலச் சொன்னார்கள். நம் ஊரிலும் வீட்டுக்கு வழி கேட்டவருக்கு, ‘உள்ளே வந்ததும் வலது பக்கம் பூஜை ரூம்’ என்றுதானே ஆரம்பிக்கிறோம். ஆகவே வாசலில் நிற்பதாக வைத்துக்கொண்டு, இடது சுவர், எதிர்ச் சுவர், வலது சுவர், வாசல் சுவர். அப்புறம் தரை, கடைசியில் கூரை. ஒவ்வொரு சுவரையும் மேலிருந்து கீழே. பிரச்சினைக்குரிய இடத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. ஓதத்தில் ஆரம்பித்தால் மீதி எல்லாம் ஓதத்துக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கும்.

ஒவ்வொரு இடத்திலும் முன்படத்தில் என்ன, பின்படத்தில் என்ன என்று இரண்டு கட்டம். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதியே ஆக வேண்டும், காலியாக விடக் கூடாது. இரண்டு கட்டமும் நிரம்பிய பிறகுதான் மூன்றாவது கட்டத்தில் வித்தியாசம்: போனது, வந்தது, இடம் மாறியது, நிலை மாறியது, அல்லது மாறவில்லை. ‘தெரியாது’வும் ‘மாறவில்லை’யும் ஒன்றல்ல. முறை முழுவதும் இந்த ஒரு பிடியில்தான் நிற்கிறது. வாய்ப்பேச்சில் இந்த இரண்டும் ரொம்பச் சுலபமாகக் கலந்துவிடும். ஒருவர் குறிப்பிடாத பொருளை மற்றவர் ‘மாறவில்லை’ என்று எடுத்துக்கொள்வார்.

அக்காவை ஓர் அறையில் உட்கார வைத்தேன், நான் இன்னோர் அறையில். சேர்ந்து எழுதினால் முதலில் பேசுபவரின் ஞாபகம் இருவருடையதாகிவிடும். முதல் இரண்டு நிமிஷம் வரிசை இல்லாமல் தோன்றியதை எழுதினோம். சாட்சிகளை விசாரிக்க கைசல்மனும் ஃபிஷரும் 1980-களில் உருவாக்கிய முறையிலும், குறுக்குக் கேள்வி இல்லாமல் முதலில் சொல்ல விடுவதுதான் வழக்கம். அதற்குப் பிறகு வரிசை.

இடது சுவர், மேலே: இருவரும் ஒன்றே எழுதியிருந்தோம். முன்படத்தில் ஜன்னலுக்கு மேல் திரைக் கம்பி இல்லை, பின்படத்தில் அதைக் கழற்றிய ஓட்டைகள். எதிர்ச் சுவர், நடுவில்: முன்படத்தில் ஓர் ஆணி, பின்படத்தில் டிவி மாட்டியிருந்த ஓட்டைகள். நான் நான்கு என்று எழுதினேன், அக்கா மூன்று. வலது சுவர், மேலே: சுவிட்ச் போர்டு, மாறவில்லை.

வலது சுவர், கீழே. பின்படத்தில் ஓதம், இருவருக்கும் சந்தேகமில்லை. முன்படக் கட்டத்தில் நான் பேனாவை வைத்ததும் ஓதம் வரவில்லை, ஓர் ஏணி வந்தது. பெயிண்டர்கள் வேலை முடித்துச் சாய்த்து வைத்த மர ஏணி, அடியில் இரண்டு வாளி, மேலே கிடந்த ஒரு கோணி. கோணி தொங்கிக்கொண்டிருந்தது சரியாக அந்த மூலையை மறைத்துத்தான். வரிசை இல்லாமல் எழுதிய தாளில் ஏணி எதிர்ச் சுவர்ப் பக்கம், வெறும் ‘சாமான்கள்’ என்று இருந்தது. மேலிருந்து கீழே இறங்கி வந்தபோதுதான் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எனவே நான் எழுதியது: முன்படம் ‘மறைந்திருந்தது’, வித்தியாசம் ‘சொல்ல முடியாது’.

அக்கா எழுதியது: முன்படம் ‘ஓதம் இருந்தது’, வித்தியாசம் ‘மாறவில்லை’.

“படத்தில பார்த்தியா, வீட்டில பார்த்தியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “குடிவந்த மறுவாரமே பீரோ நகர்த்தும்போது பார்த்தேன்டா” என்றாள். அது உண்மையாக இருக்கலாம், உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அது வீட்டின் ஞாபகம், படத்தின் ஞாபகம் இல்லை. அந்த ஹாலில் ஒரு நாளும் தங்காதவன் நான் என்பதால் எனக்கு இந்தக் கலப்பு நேரவில்லை. மூன்று வருஷம் அங்கே வாழ்ந்தவளுக்கு ஆயிரம் பார்வைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு நிமிஷப் படம். எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் ஞாபகத்தில் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது. அதனால் அவள் தாளில் நான்காவது கட்டம் ஒன்று போட்டோம்: எங்கே பார்த்தது. ஐந்து வரிகள் ‘படம்’ என்பதிலிருந்து ‘வீடு’ என்று மாறின.

வாசல் சுவருக்கு இருவரும் ‘தெரியாது’. அந்தப் பக்கம் நின்றுதானே படம் எடுத்திருப்பார். கூரைக்கு நான் ‘மின்விசிறி, மாறவில்லை’ என்று தயங்காமல் எழுதினேன்.

நான்கு நாள் கழித்து பின்படம் மட்டும் கிடைத்தது. அடுத்த வாடகைக்கு ஆள் பார்க்கும் புரோக்கருக்கும் வீட்டுக்காரர் அதை அனுப்பியிருந்தார். தாளோடு வைத்துப் பார்த்தோம். டிவி ஓட்டைகள் மூன்று, அக்கா சொன்னது சரி. மூலையில் ஓதம் இருந்தது, நான் நினைத்ததைவிடச் சின்னதாக, உள்ளங்கை அளவு. மின்விசிறி இல்லை. கழற்றிவிட்டார்கள் என்று இல்லை; படம் சுவரின் மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே முடிந்துவிடுகிறது, கூரையே அதில் வரவில்லை.

இந்தத் தவறுக்கு ஒரு வரலாறு உண்டு. 1989-இல் இன்ட்ராப், ரிச்சர்ட்சன் இருவரும் நெருங்கி எடுத்த படங்களைக் காட்டி, பிறகு ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள். வேலிக்கு முன்னால் குப்பைத் தொட்டிகள், ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு படம். வரைந்தவர்கள் வெட்டுப்பட்டதை முழுசாக்கி, சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வேலியையும் சேர்த்தே வரைந்தார்கள். படத்தின் ஓரத்தை ஓரமாக மனசு வைத்துக்கொள்வதில்லை, அதற்கு அப்பாலும் அறை தொடரும் என்று அதற்குத் தெரியும். வரிசை இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. சொல்லப்போனால் வரிசையில் ‘கூரை’ என்று ஒரு கட்டம் இருந்ததால்தான் அதை நிரப்பினேன். அடுத்த தடவை எழுதுவதாக இருந்தால் முதல் வரியே இதுவாக இருக்கும்: படம் எங்கே முடிகிறது, மேலே எது கடைசி, இடது ஓரத்தில் எது பாதி தெரிகிறது.

முன்படம் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரரிடம் அக்கா கேட்டிருப்பது அதைத்தான், அதிலும் ஏணிக்குப் பின்னால் தெரிகிறதா என்று. படம் வந்தாலும் கோணி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அப்படியானால் பெயிண்டரைத்தான் பிடிக்க வேண்டும் என்று இப்போது நம்பர் தேடிக்கொண்டிருக்கிறாள்.