‘வகைக்கெழு’ என்ற சொல் இருக்க ‘வகைப்பின்னம்’ எதற்கு?

“dy/dx என்னும் வகைப்பின்னத்தின் பகுதியைக் குறுக்குப் பெருக்கலால் வலப்பக்கம் கொண்டு செல்க” என்ற வரியை, மொழிபெயர்க்கப்பட்ட ஒரு பாடக்குறிப்பில் மூன்றாம் முறையாகப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். விடை சரியாக வருகிறது என்பதால் பலர் இவ்வரியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது இயலவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் உண்மையைச் சொல்கிறது. புதிதாக வந்த சொல் அதை மறைக்கிறது.

கெழுவுதல் என்றால் பொருந்துதல், சேர்ந்திருத்தல். குறளின் ‘கெழுதகைமை’யில் உள்ளதும் இச்சொல்லே. இயற்கணிதத்தில் 5x என்பதில் x-ஐ ஒட்டி நிற்கும் 5 அதன் கெழு. y-இல் ஏற்படும் சிறு மாற்றத்தை dy = m·dx என்று எழுதும்போது dx-ஐ ஒட்டி நிற்கும் m-தான் வகைக்கெழு. இலங்கைப் பாடநூல்கள் ‘பெறுதி’ என்கின்றன. ஒரு சார்பிலிருந்து பெறப்பட்டது என்ற பொருளில் அதுவும் நல்ல சொல்லே. ஆயினும் dx-உடன் உள்ள உறவு அதில் தெரிவதில்லை என்பதால் நான் வகைக்கெழுவையே விரும்புகிறேன்.

வகைப்பின்னம் என்ற சொல்லுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் வலுவற்றது அன்று. லைப்னிட்ஸ் 1684-இல் இந்தக் குறியீட்டை அச்சில் வெளியிட்டபோது dx, dy இரண்டையும் தனித்தனி அளவுகளாகவே கையாண்டார். ஜெர்மன் மொழியில் இன்றும் இதற்கு ஈவு என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஆனால் இன்று நாம் கற்பிக்கும் வரையறையில் dy/dx என்பது ஒரு பின்னம் அன்று, பின்னங்களின் எல்லை. Δy/Δx ஒவ்வொன்றும் பின்னம்தான். Δx சுழியத்தை நெருங்கும்போது அப்பின்னங்கள் எந்த எண்ணை நெருங்குகின்றனவோ அந்த ஓர் எண்ணே dy/dx. அதற்கு மேலும் கீழுமாக இரு துண்டுகள் இல்லை.

பின்னம் என்று பெயரிட்டால் மாணவர் பின்னத்தைப் போலவே எங்கும் சுருக்குவார். x + y + z = 0 என்னும் தளத்தில் ஒவ்வொரு மாறியையும் மற்ற இரண்டின் சார்பாகக் கொண்டு ∂x/∂y, ∂y/∂z, ∂z/∂x என்னும் பகுதி வகைக்கெழுக்களைக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் −1; ஆகவே மூன்றின் பெருக்கலும் −1. பின்னங்களாகக் கருதி மேலும் கீழும் அடித்துவிடுபவருக்கு +1 கிடைக்கும். பெயர் வழிகாட்டியாக இருக்க வேண்டும்; இந்தப் பெயர் மாணவரைப் பிழைக்குள் இட்டுச் செல்கிறது.

அப்படியானால் மாறிகளைப் பிரிக்கும் முறையில் மட்டும் dx-ஐப் பெயர்த்தெடுத்தும் விடை பிழைக்காமல் வருவது எப்படி? dy/dx = f(x)·g(y) என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். g(y) சுழியம் ஆகாத இடத்தில் இருபுறமும் அதனால் வகுக்கலாம். இது எண்ணை எண்ணால் வகுப்பதே. இதில் ஐயம் இல்லை.

(1/g(y))·dy/dx = f(x)

இனி, வகையிட்டால் 1/g(y)-ஐத் தரும் சார்பு ஒன்றை P(y) என்போம். y தானே x-இன் சார்பு ஆதலால், P(y)-ஐ x-ஐப் பொறுத்து வகையிடும்போது சங்கிலி விதிப்படி P′(y)·dy/dx கிடைக்கும். இதுவே மேலே உள்ள சமன்பாட்டின் இடப்பக்கம். ஆகவே சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: P(y)-இன் வகைக்கெழு f(x). f(x)-இன் தொகையீட்டை Q(x) என்றால், ஓர் இடைவெளியில் ஒரே வகைக்கெழு உடைய இரு சார்புகள் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடும் என்பதால் P(y) = Q(x) + C. இதில் dx எங்கும் பெயர்த்தெடுக்கப்படவில்லை. ∫dy/g(y) = ∫f(x)dx என்ற வரி, இந்த வாதத்தைச் சுருக்கி எழுதிய வடிவம். தொகையிடலில் நாம் பயன்படுத்தும் பிரதியிடல் முறையும் இதே சங்கிலி விதியைப் பின்னோக்கிப் படிப்பதுதான். லைப்னிட்ஸின் குறியீடு சங்கிலி விதியைப் பின்னச் சுருக்கம் போலத் தோன்றும்படி அமைக்கப்பட்டிருப்பதால், பின்னமாகக் கையாண்டவரும் தம்மை அறியாமல் சங்கிலி விதியையே பயன்படுத்திவிடுகிறார்.

இந்த வேறுபாடு சொல் அளவில் நின்றுவிடுவதன்று. அடியில் துளையுள்ள தொட்டியிலிருந்து வெளியேறும் நீரின் வேகம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்திற்கு விகிதசமம் என்பது டொரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி. நேர்ச்சுவர்த் தொட்டி ஒன்றில் மட்டம் y செ.மீ., நேரம் x நிமிடம் என்று கொண்டு, dy/dx = −0.5√y என்றும் தொடக்கத்தில் மட்டம் 100 செ.மீ. என்றும் வைப்போம். √y-ஆல் வகுத்தால் இடப்பக்கம் 2√y-இன் வகைக்கெழு ஆகிறது. எனவே 2√y = −0.5x + 20; அதாவது √y = 10 − 0.25x. 20 நிமிடத்தில் மட்டம் 25 செ.மீ.; 40 நிமிடத்தில் தொட்டி காலி.

பின்னத்தைப் பெயர்த்துப் பழகியவர் இருபுறமும் வர்க்கப்படுத்தி y = (10 − 0.25x)² என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடுவார். அந்தச் சூத்திரத்தில் x = 60 என்று இட்டுப் பாருங்கள்: y = 25. காலியான தொட்டியில் நீர் தானாக ஏறியிருக்கிறது! சூத்திரத்தை வகையிட்டால் அங்கே dy/dx = +2.5, சமன்பாடோ −2.5 என்கிறது. பிழை எங்கே நுழைந்தது என்பதைச் சங்கிலி விதியின் வழியில் வந்தவர் உடனே காண்பார். √y-ஆல் வகுத்தபோது y > 0 என்று கொண்டோம். 40-ஆம் நிமிடத்தில் அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் பொருந்துவது, வகுத்தபோது நம் கையிலிருந்து நழுவிய y = 0 என்ற மாறிலித் தீர்வு. அத்தீர்வைத் தேட வேண்டும் என்ற எண்ணமே குறுக்குப் பெருக்கலில் எழுவதில்லை. ஏனெனில் அங்கே கவனம் முழுவதும் dx-ஐ நகர்த்துவதில் இருக்கிறது; √y-ஆல் வகுத்தது கண்ணில் படுவதே இல்லை.

‘மாறிகளைப் பிரித்தல்’ என்ற நம் பாடநூல் தொடர் எவ்வளவு கவனமாக அமைந்திருக்கிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். பிரிக்கப்படுபவை x-உம் y-உம் ஆகிய மாறிகள். dy-யையும் dx-ஐயும் பிரிப்பதாக அது சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை ‘வகையீடுகளைப் பிரித்தல்’ என்று மாற்றுவது இரட்டைத் தீங்கு. ஒன்று, பிரிபடுவது எது என்பதைத் தவறாகச் சொல்கிறது. மற்றொன்று, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் dx, dy என்பவற்றைக் குறிக்கும் ‘வகையீடு’, இலங்கையில் வகையிடும் செயலையே குறிக்கிறது. அங்குள்ள மாணவருக்கு இத்தொடர் பொருளே தராது.

dy, dx இரண்டையும் தனியே எழுத வேண்டிய இடமும் உண்டு. அங்கே dy = f′(x)·dx என்பதை வரையறையாகவே வைத்துக்கொள்கிறோம். dx ஏதேனும் ஓர் எண். dy அதனுடன் கெழுவைப் பெருக்கிக் கிடைத்த எண். அப்போது இரண்டையும் வகுத்தால் கெழு திரும்பக் கிடைப்பதில் வியப்பில்லை. கெழுவைக் கொண்டே dy-யை ஆக்கினோம். பின்னம் இங்கே பின்னால் வருகிறது, கெழு முன்னால் நிற்கிறது. ஆகவே பாடக்குறிப்பின் அந்த வரியை நான் இப்படித் திருத்துவேன்: “g(y) சுழியம் ஆகாத இடத்தில் இருபுறமும் g(y)-ஆல் வகுத்து, x-ஐப் பொறுத்துத் தொகையிடுக, இடப்பக்கத்தில் சங்கிலி விதியைப் பயன்படுத்துக, g(y) சுழியம் ஆகும் இடங்களைத் தனியே சரிபார்க்க.”