தலைப்பை மாற்றுங்கள், முகவரியைத் தொடாதீர்கள்

இதே பிழைக்காக இந்த ஆண்டில் என்னை அழைத்தவர்களில் இவர்கள் நான்காமவர்கள். ஒரு குழந்தைகள் மருத்துவமனை தான் வழங்கும் தடுப்பூசி அட்டையின் பின்புறத்தில் ஒரு க்யூஆர் குறியீட்டை அச்சிட்டிருந்தது. அதை ஸ்கேன் செய்தால், எந்த வயதில் எந்த ஊசி என்று சொல்லும் பக்கம் மருத்துவமனையின் தளத்தில் திறக்க வேண்டும். மூன்று வாரங்களாக அது "பக்கம் கிடைக்கவில்லை" என்றே காட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் ஒரு தாய் அட்டையை நீட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அதற்குள் பல ஆயிரம் அட்டைகள் வீடுகளுக்குப் போய்விட்டன.

காரணம் எளிமையானது. பக்கத்தின் தலைப்பை மாற்றியவர், தலைப்புக்குப் பொருந்த வேண்டும் என்று ஸ்லக்கையும் மாற்றிவிட்டார். தளத்தின் பெயருக்குப் பின், சாய்கோட்டுக்கு அடுத்து வரும், அந்தப் பக்கத்தைக் குறிக்கும் துண்டைத்தான் ஸ்லக் என்கிறோம். தலைப்பும் அதுவும் ஒன்றையொன்று பிரதிபலிக்க வேண்டும் என்று எங்குமே விதி இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், "தலைப்பு ஒன்று, முகவரி வேறொன்று என்றிருந்தால் கூகுள் குழம்பிவிடாதா" என்று கேட்கிறார்கள். குழம்பாது. தேடல் முடிவில் காட்டும் தலைப்பைத் தேடுபொறி முதன்மையாகப் பக்கத்துக்குள் இருக்கும் தலைப்புகளிலிருந்தே எடுக்கிறது. ஸ்லக்கில் உள்ள சொற்கள் அதற்கு மிகச் சிறிய துணை மட்டுமே. தலைப்பு, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. குடியிருப்பவர் மாறினால் பலகையும் மாறலாம். ஸ்லக், கதவிலக்கம், அதை வைத்துத்தான் தபால் வருகிறது. பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடித்தபோது கதவிலக்கத்தையும் சேர்த்து அழித்துவிட்டால், பழைய இலக்கத்தைக் கையில் வைத்திருக்கும் யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஊழியர் ஏன் மாற்றினார் என்று கேட்டபோது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய ஸ்லக் பார்க்கவே ஊனமாக இருந்ததாம். தமிழில் தளம் நடத்தும் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இதில் இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 2021-இல் அந்தப் பக்கத்தின் தலைப்பு "குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணை". ஸ்லக்கை யாரும் தட்டச்சு செய்யாததால், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தலைப்பிலிருந்து தானே ஒன்றை உருவாக்கியது. அது உருவாக்கியது இது:

```
குழந்தைகளுக்கான-தடுப்பூ
```

"சி" எங்கே, "அட்டவணை" எங்கே? வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் ஸ்லக்குக்கு 200 இடங்கள்தான் உண்டு. தமிழ் எழுத்து அங்கே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. `%e0%ae%95` என்பது போன்ற விழுக்காட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இது "க" என்னும் ஒரே யூனிகோடு குறி. இதற்கே 9 இடங்கள். "கு" என்றால் உகரக் குறி தனியாகச் சேர்வதால் 18. ஆக, 22 குறிகளுக்குள் கதை முடிந்துவிடும். "குழந்தைகளுக்கான" என்ற சொல்லே 15 குறிகளைத் தின்றுவிட்டது. இடையில் ஒரு கோடு போக, எஞ்சியதில் 7 குறிகளுக்குத்தான் இடம். "தடுப்பூ" வரை சரியாக 7.

புதிய தலைப்பு "தேசிய தடுப்பூசி அட்டவணை: பிறப்பு முதல் 16 வயது வரை". அதிலிருந்து பிறந்த ஸ்லக், முதல் மூன்று சொற்களோடு அழகாக நின்றது. குறையைத் திருத்திவிட்டோம் என்று அவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. பழைய முகவரியை நோக்கி அச்சடித்த அட்டைகள் வெளியில் இருக்கின்றன என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸே பழையதிலிருந்து புதியதற்கு அனுப்பிவிடுமே" என்று அவர்களுடைய தள வடிவமைப்பாளர் வாதாடினார். பாதிதான் உண்மை. பதிவுகளின் பழைய ஸ்லக்கை அது `_wp_old_slug` என்ற பெயரில் நினைவில் வைத்து வழிமாற்றும். ஆனால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கக்கூடிய "பக்கம்" என்ற வகைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. மருத்துவமனையின் அட்டவணை ஒரு பக்கம். பதிவுகளிலும் ஓர் ஓட்டை உண்டு: பழைய ஸ்லக்கை வேறொரு புதிய பதிவுக்குச் சூட்டினால் வேர்ட்பிரஸ் தடுக்காது, பழைய இணைப்பில் வருபவர் பிழைச்செய்தி கூட இல்லாமல் தவறான பதிவில் போய் நிற்பார். ஒருமுறை பயன்படுத்திய ஸ்லக்கைத் தயவுசெய்து மறுபடி வேறெதற்கும் கொடுக்காதீர்கள்.

சென்னையில் பல வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் செய்ய வேண்டியது அதுதான். நிலையான ஒரு குறுகிய ஸ்லக்கைத் தேர்ந்து, இதுவரை வெளியே போன இரண்டையும் அதற்கு வழிமாற்றினோம். சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், முகவரியில் உள்ள விழுக்காட்டுக் குறிகளை எழுத்துகளாக மாற்றிய பிறகே ஒப்பிடுவதால், தமிழிலேயே எழுதலாம்:

```
location = /குழந்தைகளுக்கான-தடுப்பூ/ {
    return 301 /thaduppoosi-attavanai/;
}
location = /தேசிய-தடுப்பூசி-அட்டவணை/ {
    return 301 /thaduppoosi-attavanai/;
}
```

இரண்டும் நேராக இறுதி முகவரிக்குச் செல்வதைக் கவனியுங்கள். முதலாவதை இரண்டாவதற்கும், இரண்டாவதை மூன்றாவதற்கும் அனுப்பும் சங்கிலி, நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமாக அறுந்துவிடும். வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள் என்பது தேடுபொறிகளுக்காகச் சொல்லப்படும் கணக்கு. குழந்தைக்கு 16 வயதாகும் வரை அலமாரியில் இருக்கப்போகும் அட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதை எடுக்கவே கூடாது.

ஸ்லக்கைத் தமிழிலேயே வைக்கலாமா என்பார்கள். வைக்கலாம், பிழையில்லை; "தடுப்பூசி-அட்டவணை" 145 இடங்களில் முழுதாக அடங்கிவிடும். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசையாகவே வந்து விழும். க்யூஆரில் இட்டால் கட்டங்கள் நெருக்கமாகி, சிறு அட்டையில் ஸ்கேன் ஆவது சிரமம். மேலும் "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு முகவரிகள். அச்சுக்கும் தொலைபேசியில் சொல்வதற்கும் போகும் பக்கங்களுக்கு நான் ரோமன் எழுத்தையே பரிந்துரைக்கிறேன். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, தளம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

சொற்களைத் தேர்வதில் என் கேள்வி ஒன்றே: ஐந்தாண்டு கழித்தும் இந்தச் சொல் இந்தப் பக்கத்துக்குப் பொருந்துமா? ஆண்டு பொருந்தாது, "புதிய" பொருந்தாது, துறையின் பெயரும் பொறுப்பாளரின் பெயரும் பொருந்தாது. "தேசிய" என்பதுகூட அட்டவணை திருத்தப்படும்போது கேள்விக்குள்ளாகலாம். "தடுப்பூசி", "அட்டவணை" என்ற இரண்டும் நிற்கும். பொருளின் பெயர்ச்சொற்கள் இரண்டு அல்லது மூன்று, இடையில் கோடு, எல்லாம் சிறிய எழுத்து, அவ்வளவு போதும்.

சொந்தமாக மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒன்று: பழைய ஸ்லக்குகளுக்குத் தனி அட்டவணை வையுங்கள். அதில் பழைய ஸ்லக்குக்கு எதிரே புதிய ஸ்லக்கை எழுதாமல், பக்கத்தின் மாறாத எண்ணை எழுதுங்கள். எத்தனை முறை மாற்றினாலும் சங்கிலி உருவாகாது.

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன் ஸ்லக் பெட்டியைத் திறந்து நீங்களே படித்துப் பாருங்கள். அச்சான முகவரிகளை ஒரு தாளில் எழுதி, தளத்தைத் திருத்தும் உரிமை உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். மாதம் ஒருமுறை சர்வர் பதிவேட்டில் 404, அதாவது "பக்கம் கிடைக்கவில்லை" என்ற பிழை, விழுந்த வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனையின் பதிவேட்டில், `%E0%AE%95` என்று தொடங்கும் ஒரே நீண்ட வரி மூன்று வாரமும் நாள்தோறும் பலமுறை விழுந்திருந்தது.