ஸ்டூலை அழிப்பது சுலபம், அதன் நிழல்தான் காட்டிக்கொடுக்கும்

ஒருவர் அந்தரத்தில் படுத்து மிதக்கிற மாதிரி ஒரு படம் கண்ணில் பட்டால், நாம் முதலில் தேடுவது கயிறு தெரிகிறதா, கம்பி தெரிகிறதா என்றுதான். பெரும்பாலும் அங்கே இருந்தது கயிறும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் ஸ்டூல். அதைப் படத்திலிருந்து தூக்குவது இரண்டு நிமிட வேலை. ஆனால் தூக்கிய பிறகும் அது அங்கே இருந்ததற்கான தடயங்கள் மிச்சம் இருக்குமே, பொழுது முழுவதையும் தின்பது அவைதான்.

அடிப்படை ரொம்ப எளிது. கேமராவை ட்ரைபாடில் பூட்டி, ஆளே இல்லாத வெறும் இடத்தை ஒரு படம் எடுக்கிறோம். அப்புறம் ஸ்டூலைப் போட்டு, ஆளை அதன் மேல் படுக்கவைத்து இன்னொன்று. கணினியில் வெறும் இடம் கீழ் லேயர், ஆள் இருப்பது மேல் லேயர். மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, அதில் ஸ்டூல் இருக்கும் இடத்தில் கறுப்பைப் பூசினால் அங்கே மேல் படம் மறைந்து கீழே இருக்கும் வெறும் தரை தெரியும். வெள்ளையாக விட்ட இடத்தில் மேல் படமே நிற்கும், சாம்பல் பூசினால் இரண்டும் கலந்து வரும். அவ்வளவுதான் வித்தை.

இதில் பலர் கவனிக்காத சௌகரியம் ஒன்று இருக்கிறது. ஸ்டூலைச் சுற்றி மயிரிழை சுத்தமாகக் கத்தரிக்க வேண்டியதே இல்லை. இரண்டு படத்திலும் சுவரும் தரையும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தால், பிரஷ் தாறுமாறாகப் போனாலும் ஓரம் தெரியாது, ஏனென்றால் தரைக்குப் பதில் அதே தரைதான் வருகிறது. உடம்பு ஸ்டூலைத் தொடுகிற கோட்டில் மட்டும் கை நிதானமாகப் போனால் போதும். ஆனால் அந்த 'ஒன்றாக' என்பதைக் கேமரா நமக்கு இலவசமாகத் தருவதில்லை. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில் இருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால், வெள்ளை உடை போட்ட ஆள் சட்டகத்துக்குள் வந்ததுமே கேமரா தானாக எல்லாவற்றையும் கொஞ்சம் இருட்டாக்கிவிடும், மாஸ்க்கின் ஓரம் தேநீர்க் கறை மாதிரி தெரியும். சரிபார்க்க ஒரு வழி: மேல் லேயரின் கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். ஆளும் ஸ்டூலும் நிழலும் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். சுவரின் விளிம்புகள் மெல்லிய கோடாக மின்னினால் ட்ரைபாட் நகர்ந்திருக்கிறது. பரப்பு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தால் நடுவில் வெளிச்சம் மாறியிருக்கிறது, அநேகமாக ஒரு மேகம்.

என் தங்கையை வைத்து முதல்முறை முயன்றபோது நான் இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஒரு மீட்டர் அகல ஜன்னல், அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி 60 சென்டிமீட்டர் உயர ஸ்டூல், அதன் மேல் நீளமான கவுனோடு அவள். ஸ்டூலை அழித்ததும் பார்த்தால், மிதக்கிற ஆளாக இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஸ்டூலில் படுத்திருக்கும் ஆளாகத்தான் இருந்தாள். ஏன்?

முதல் காரணம் இடுப்பு. எடை அழுத்திய இடத்தில் உடம்பின் அடிக்கோடு ஸ்டூலின் பலகை அளவுக்கு நேராகத் தட்டையாகிவிட்டது. கவுனும் பலகையின் ஓரத்தில் மடிந்து, அங்கிருந்து செங்குத்தாக இறங்கியது, மேசைவிரிப்பு மாதிரி. இதை அப்புறம் கணினியில் வளைத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் படம் எடுக்கும்போதே தீர்ப்பது நல்லது. உடம்பை விடக் குறுகலான பலகையாகப் பார்த்து, அதைக் கேமராவுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் போட்டால், கேமரா பக்கத்து உடம்பு பத்து சென்டிமீட்டராவது பலகையைத் தாண்டி வெளியே நிற்கும். துணியை உடம்புக்கு அடியிலிருந்து இழுத்து அந்தப் பக்கமாகத் தொங்கவிட்டால் அது எதிலும் படாமல் சுதந்திரமாகத் தொங்கும், தட்டையான கோட்டையும் மறைக்கும். கேமராவின் உயரம் பலகையின் மட்டத்துக்கு வரலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. போனால் பலகையின் முன் விளிம்பு உடம்பின் அடிப்பகுதியை மறைக்கும். மறைந்ததை எந்தப் படத்திலிருந்தும் மீட்க முடியாது.

இரண்டாவது காரணம் நிழல், என் கணக்கில் இதுதான் பெரியது. ஒரு பொருள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை நம் மூளை பெரும்பாலும் நிழலைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. 1997இல் கெர்ஸ்டன், மமாசியன், நில் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். ஒரு பெட்டிக்குள் பந்து நகர்கிறது, திரையில் அது போகும் பாதை எப்போதும் ஒன்றேதான். நிழல் பந்தோடு ஒட்டியே வந்தால் பந்து தரையில் உருண்டு உள்ளே போவதாகத் தெரியும். நிழலின் பாதையை மட்டும் மாற்றி அதைப் பந்திலிருந்து விலகச் செய்தால், அதே பந்து மேலே எழும்புவதாகத் தெரியும்.

அப்படியானால் மிதப்பவருக்கு விலகி விழும் நிழல் வேண்டும், அது எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கணக்கு சுலபம்: வெளிச்சத்தின் அகலத்தை, உடம்பிலிருந்து தரைவரை வெளிச்சம் போகும் தூரத்தால் பெருக்கி, வெளிச்சத்துக்கும் உடம்புக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுவதால் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு அது போன தூரம் 80 சென்டிமீட்டர். ஆக என் ஜன்னலுக்கு 1 × 0.8 ÷ 2, அதாவது 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிழலின் ஓரம் கரைந்து போயிருக்க வேண்டும். உடம்பே கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான், ஆக நிழல் என்பது தரையில் ஒரு மெல்லிய மந்தாரம் மட்டுமே. இதே படத்தை நேர் வெயிலில் எடுத்திருந்தால் ஓரம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கரைந்திருக்காது. ஆனால் ஸ்டூலின் கால்கள் தரையைத் தொடுகின்றனவே, தொடுகிற இடத்தில் எந்த வெளிச்சத்திலும் நிழல் கூர்மையாகவும் கறுப்பாகவும் இருக்கும். என் படத்தில் அந்த நான்கு கறுப்புப் பொட்டுகளும் தரையில் அப்படியே நின்றன.

இங்கேதான் சிக்கல். மாஸ்க்கில் அந்த இடத்தைக் கறுப்பாக்கினால் ஸ்டூலின் நிழலோடு தங்கையின் நிழலும் போய்விடும், விட்டுவைத்தால் இரண்டும் நிற்கும். நான் செய்தது: நிழலை முழுக்க அழித்துவிட்டு, வெறும் இடத்துப் படத்தின் நகல் ஒன்றை Curves வைத்து இருட்டாக்கி நடுவில் வைத்தேன், அதன் மாஸ்க்கை முழுக் கறுப்பாக்கி, மெத்தென்ற பெரிய பிரஷால் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி நிழலை வரவழைத்தேன். எவ்வளவு இருட்டு என்பதை ஊகிக்க வேண்டாம், அவள் இருந்த படத்திலேயே ஸ்டூல் கலக்காத இடத்தில், அவள் தலைக்குக் கீழே, உண்மையான நிழல் இருந்தது. அதன் அளவுக்கே கொண்டுவந்தேன். ஓரமும் அந்த 40 சென்டிமீட்டருக்குக் கரையும்படி பார்த்துக்கொண்டேன்.

அது முடிந்ததும் ஆசை விடவில்லை, அவளைத் தனியாக வெட்டி இன்னும் ஒரு மீட்டர் மேலே ஏற்றிப் பார்த்தேன். ஏற்றியதும் கெட்டது. பலகை மட்டத்திலிருந்து எடுத்த உடம்பு அது, பக்கவாட்டில்தான் தெரிகிறது. அவ்வளவு உயரத்தில் நிஜமாக மிதந்திருந்தால் கேமராவுக்கு முதுகும் உள்ளங்காலும் அல்லவா தெரிந்திருக்கும்! பழையபடி 60 சென்டிமீட்டருக்கே இறக்கிவிட்டேன்.