படுக்கைப் புண்: ஐந்து மணி நேரச் சுற்று

படுத்த படுக்கையாக இருப்பவரின் உடல் எடையை எலும்பு துருத்தும் சில இடங்களே தாங்குகின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதி, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால் ஆகியவை முக்கியமானவை. அங்கே எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசையும் தோலும் நசுங்குகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. நமக்கென்றால் அந்த இடம் மரத்து, தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். அவரால் முடியாது. ஆழத்தில் தசை கெட்ட பிறகும் மேல்தோல் சில நாள் நன்றாகவே தெரியக்கூடும்.

மன்னார்குடிப் பக்கம் பக்கவாதத்தால் இடது கை, கால் செயலிழந்த எழுபது வயது விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காதபடி அவரை வீட்டார் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்: மல்லாந்து இரண்டு மணி நேரம், இடப்பக்கம் ஒரு மணி நேரம், வலப்பக்கம் இரண்டு மணி நேரம். உணர்வில்லாத பக்கம் வலியைச் சொல்லாது என்பதால் அதற்கு நேரம் குறைவு. காலை 8 மணிக்கு மல்லாந்து தொடங்கினால் 10 மணிக்கு இடப்பக்கம், 11 மணிக்கு வலப்பக்கம், 1 மணிக்கு மறுபடி மல்லாந்து. அடுத்த முறை மல்லாந்து வருவது மாலை 6 மணிக்கு. இட்லி, மதியச் சோறு, இரவுக் கஞ்சி மூன்றும் அந்த நேரங்களில் தாமாகவே அமைந்துவிடும். இரவிலும் இதே சுற்றுதான். வீட்டார் முறை வைத்துக்கொண்டால்தான் தாங்கும்.

பக்கவாட்டில் முழுக்கத் திருப்பினால் இடுப்பு எலும்பு மெத்தையில் குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். உள்ளங்கையை அடியில் நுழைத்துப் பாருங்கள்: முதுகடி எலும்பும் இடுப்பு எலும்பும் மெத்தையில் அழுந்தக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். இழுத்து நகர்த்துவது தோலை உராய்த்து, உள்ளே குழாய்களை முறுக்கும். அடியில் மடித்து விரித்த பருத்தி வேட்டியின் இரு ஓரத்தையும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தும் முன் முழங்காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் கீழே சரியமாட்டார். உண்டு அரை மணி நேரம் கழித்து 30 பாகைக்குக் கீழே இறக்கிவிடலாம்.

ஐப்பசி அடைமழையில் டெல்டாவில் துணி காயாது. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் கிழியும் என்பதால் மாற்றுத் துணி கூடுதலாக இருக்கட்டும். காற்று மெத்தை வாங்கிவிட்டோமே என்று திருப்புவதை நிறுத்துபவர்கள் பலர், அது துணைதான். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையோ, சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை இன்னும் தடுக்கும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அழுந்தியிருந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காத சிவப்பு புண்ணின் முதல் நிலை. நம்மவர் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அங்கே புறங்கையால் தொட்டு, சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கல்லாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. முதுகடியில் அரை மணி நேரத்துக்குப் பிறகும் தடம் மறையவில்லை என்றால், செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். அதுவரை மல்லாந்து படுப்பது சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.