பின்தொடுப்பு: சொல் விளக்கம்

வேறொரு இணையதளத்திலிருந்து நம் பக்கத்துக்கு வரும் தொடுப்பே பேக்லிங்க். இதைப் பலர் 'பின்னிணைப்பு' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது, நூலின் கடைசியில் சேர்க்கும் பகுதிக்குத்தான் தமிழில் அந்தப் பெயர். 'லிங்க்' என்பதற்குத் தொடுப்பு என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டதால், பின்தொடுப்பு என்பதே சரி.

1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் உருவாக்கிய தேடுபொறியின் பெயர் 'பேக்ரப்'. கூகுளின் முன்னோடி அது. ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதுபோல, ஒரு பக்கத்தை நோக்கி வரும் தொடுப்புகளைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிப்பதே அவர்கள் வழி. ஆக, பின்தொடுப்பின் வேர் மேற்கோள். கேட்டோ காசு கொடுத்தோ வாங்காமல் தானாக வருவதை 'இயல்பான பின்தொடுப்பு' என்கிறோம். மற்றவர்கள் மேற்கோள் காட்டும்படியான ஓர் எண் நம்மிடம் மட்டும் இருந்தால் அது வரும்.

அப்படி ஓர் எண்ணுக்கு உதாரணம்: சமையல் குறிப்புகளில் 'ஒரு டம்ளர் அரிசி' என்றே எழுதுகிறார்கள். அது எத்தனை கிராம்? ஐந்து வீடுகளின் டம்ளர்களை வாங்கி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். பிறகு துடைத்துக் காயவைத்து, ஒரே அரிசியை நிரப்பி, விளிம்போடு ஸ்கேலால் வழித்துவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை பார்க்க வேண்டும். டம்ளருக்கு ஐந்து முறை. தட்டி நிரப்பினால் அரிசி நெருங்கி எடை கூடும். கூம்பாக விட்டாலும் கூடும். ஒரே டம்ளரின் ஐந்து எடைகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால் நிரப்பும் முறை மாறியிருக்கிறது என்று அர்த்தம். டம்ளருக்கு டம்ளர் அளவு வேறுபடுவதால், முடிவை 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்று சொன்னால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

வெளியிடும்போது அந்த எண்ணை முதல் பத்தியிலேயே, அப்படியே எடுத்தாளக்கூடிய ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கீழே அரிசியின் வகை, அளந்த தேதி, அளந்த முறை, 25 எடைகளும் கொண்ட அட்டவணை. அட்டவணையைப் படமாக மட்டும் போடாதீர்கள். படம் வாட்ஸப்பில் சுற்றும், தொடுப்பு வராது. பக்கத்தின் இணைய முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள்; மறுமுறை அளந்தால் அதே பக்கத்தைப் புதுப்பிக்கலாம். முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல் வையுங்கள், இல்லாவிட்டால் வந்த தொடுப்புகள் செத்த பக்கத்தில் போய் நிற்கும்.

சிறு கருத்துக்கணிப்புக்கும் இதே ஒழுங்குதான். நண்பர் குழுவில் 30 பேரைக் கேட்டுவிட்டு 'தமிழர்களில் 60 சதவீதம்' என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் மேற்கோள் காட்டமாட்டார். 'கேட்ட 30 பேரில் 18 பேர்' என்று, அவர்கள் யார் என்பதோடு எழுதினால் தாராளமாக எடுத்தாளலாம்.

யார் தொடுத்திருக்கிறார்கள் என்பதை, தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் Search Console என்ற கருவியில் Links பகுதி காட்டும். தொடுப்பு தராமல் எண்ணை மட்டும் எடுத்தவர்களைக் கண்டுபிடிக்க, அந்த முதல் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கிடைத்தவருக்கு, மூலப் பக்கத்தைச் சுட்டும்படி இரண்டு வரி மின்னஞ்சல் போதும்.